அத்தியாயம் 7: கேப்ட்சா, ஓடிபி, காலக்கெடு

படிவத்தின் கேள்விகளை எவ்வளவு பார்த்துப் பார்த்து அமைத்தாலும், அதன் கடைசிப் பக்கத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கேப்ட்சா என்கிற எழுத்துப் புதிர், கைபேசிக்கு வரும் ஓடிபி, பின்னணியில் ஓடும் கடிகாரம் ஆகிய மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. மூன்றையும் பாதுகாப்புக்காக வைத்தோம் என்பார்கள். மாற்றுத்திறனாளிகளை அவை எப்படி வெளியே நிறுத்துகின்றன, பாதுகாப்பு குறையாமல் அவற்றை எப்படி மாற்றலாம் என்பதை ஒரே ஒரு படிவத்தை வைத்துப் பார்ப்போம்.

கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது எந்தத் துறையின் படிவமும் அல்ல. நாள்தோறும் பல தளங்களில் காணும் குறைகளைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்டது. பெயர், பிறந்த தேதி, கல்லூரி, வங்கிக் கணக்கு எண் என்று 12 கட்டங்கள். கீழே வளைந்து நெளிந்த ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு படம். அதைச் சரியாகத் தட்டினால் கைபேசிக்கு ஓடிபி போகும், 60 வினாடிக்குள் உள்ளிட வேண்டும். ஐந்து நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் தளம் வெளியேற்றிவிடும். விண்ணப்பிப்பவர் பார்வையற்ற மாணவி. கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானும், கைபேசியில் டாக்பேக்கும் வைத்திருக்கிறார்.

திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். அவர் மவுஸைத் தொடுவதில்லை. டேப் விசையை அழுத்தி ஒவ்வொரு கட்டமாக நகர்கிறார். ஒவ்வொன்றிலும் அதன் பெயர், வகை, உள்ளே இருப்பது ஆகியவற்றை மென்பொருள் குரலில் சொல்லும். கட்டத்துக்கு முறையாக ‘லேபிள்’ கொடுத்திருந்தால் “வங்கிக் கணக்கு எண்” என்று கேட்கும். பக்கத்தில் வெறும் எழுத்தாக மட்டும் போட்டுவிட்டு, கட்டத்தோடு இணைக்காமல் விட்டிருந்தால் “எடிட், பிளாங்க்” என்றுதான் பல சமயம் கேட்கும். எதற்கான கட்டம் என்று அவரே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். லேபிள் இணைப்பதை முன்பே விரிவாகப் பார்த்துவிட்டோம். இந்த மாணவி அதையெல்லாம் தாண்டி 12 கட்டங்களையும் நிரப்பிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

புதிர் யாரைச் சோதிக்கிறது?

இப்போது கேப்ட்சாவுக்கு வருகிறார். “கிராஃபிக்” என்கிறது திரைவாசிப்பான். படத்துக்கு மாற்று உரை இல்லை. மாற்று உரை இருந்தாலும் அதில் விடையை எழுத முடியாது, எழுதினால் இயந்திரமும் படித்துவிடும். அடுத்து “பட்டன்” என்று மட்டும் சொல்கிறது. அது புதுப் படம் கேட்கும் பொத்தானாக இருக்கலாம், ஒலி வடிவத்துக்கான பொத்தானாகவும் இருக்கலாம். பெயர் வைக்காததால் அழுத்தித்தான் பார்க்க வேண்டும்.

ஒலி வடிவம் இருப்பதாகவே கொள்வோம். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் ஆங்கில எழுத்துகளையோ எண்களையோ சொல்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே அவர் தட்டுகிறார். அவர் தட்டும் ஒவ்வொரு விசையையும் திரைவாசிப்பான் உரக்கச் சொல்லும் என்பதால் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. முழுவதையும் முதலில் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு பிறகு தட்டினால், அது நினைவாற்றல் தேர்வாகிவிடுகிறது. படத்தையும் ஒலியையும் மட்டும் வைத்துவிட்டு ‘மாற்று வழி கொடுத்துவிட்டோம்’ என்று சொல்கிறவர்கள், பார்வையும் கேட்கும் திறனும் ஒருசேர இல்லாமல் பிரெய்ல் கருவியில் விரலால் படிக்கிறவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வழியும் கிடையாது.

போக்குவரத்து விளக்குகள் உள்ள சதுரங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் புதிர் இன்னொரு வகை. கை நடுக்கம் உள்ளவர்களும், ஒரே ஒரு ஸ்விட்சை அழுத்திக் கணினியை இயக்குபவர்களும் ஒவ்வொரு சதுரமாக நகர்ந்து போகவேண்டும். பாதி வழியில் சில சதுரங்கள் மறைந்து புதுப் படங்கள் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். “7 + 4 எவ்வளவு?” என்று கேட்பது எளிது என்று நினைப்பார்கள். கணக்கில் கற்றல் குறைபாடு உள்ளவருக்கு அது தடை, இயந்திரத்துக்குத் தடையே இல்லை.

கேப்ட்சா என்ற பெயரை 2003-இல் வெளியான கட்டுரையில் முன்வைத்தவர்கள் லூயிஸ் வான் ஆன், மானுவல் ப்ளம், நிக்கோலஸ் ஹாப்பர், ஜான் லாங்ஃபோர்டு ஆகியோர். வளைந்த எழுத்தை அன்று மனிதர் படித்தார்கள், இயந்திரம் திணறியது. இன்று நிலைமை தலைகீழ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் 1,400 பேரை வைத்துப் புதிர்களைச் சோதித்தார்கள். தானியங்கி நிரல்களுக்குப் பதிவாகியிருந்த வேகத்தையும் துல்லியத்தையும் மனிதர்கள் எட்டவில்லை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் கூகுளின் படச் சதுரப் புதிரை முழுமையாகக் கடந்து காட்டினார்கள். ஆக, இயந்திரம் உள்ளே போகிறது, பார்வையற்ற மாணவி வெளியே நிற்கிறார். இந்தப் பாதுகாப்பு தொடர வேண்டிய நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

புதிருக்குப் பதில் என்ன?

முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கேப்ட்சா எதைக் காக்கிறது என்பது. நம் படிவத்தில் அடுத்த படியிலேயே ஓடிபி இருக்கிறது. விண்ணப்பிப்பவரின் கைபேசி எண்ணை அது உறுதிசெய்கிறது. அப்படியானால் புதிர் காப்பது விண்ணப்பத்தை அல்ல, குறுஞ்செய்திச் செலவைத்தான். யாரோ ஒரு நிரலை ஓடவிட்டு ஆயிரக்கணக்கான ஓடிபிகளை அனுப்பவைத்தால் துறைக்குப் பணம் போகும். அந்தக் கவலை நியாயமானது. அதற்கு மருந்து சர்வரில் இருக்கிறது: ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை ஓடிபிதான், ஒரு இணைய முகவரியிலிருந்து இத்தனைதான் என்று வரம்பு வைத்தால் போதும். இணைய முகவரி வரம்பைத் தளர்வாகவே வையுங்கள். ஒரு கல்லூரி விடுதியே ஒரே முகவரியின் வழியாக வரலாம். கைபேசி இணையத்திலும் ஏராளமானோர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள்.

உள்நுழைவே இல்லாத புகார்ப் படிவம், தொடர்புப் படிவம் போன்றவற்றுக்குப் பொறிக்கட்டம் உதவும். மனிதர் கண்ணில் படாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைப்பது, அது நிரம்பி வந்தால் நிரல் என்று முடிவுசெய்வது என்பதே அந்த உத்தி. ஆனால் இதை அரைகுறையாகச் செய்தால் பார்வையற்றவர்தான் பொறியில் விழுவார். கட்டத்தைத் திரைக்கு வெளியே தள்ளி மட்டும் விட்டால், கண் உள்ளவருக்குத் தெரியாது, திரைவாசிப்பானோ அதையும் ஒழுங்காகப் படிக்கும். அவர் அதை நிரப்புவார், தளம் அவரை ரோபோ என்று ஒதுக்கிவிடும், ஏன் என்று யாருக்கும் தெரியவராது. சரியான அமைப்பு இது:

```html
<div class="offscreen" aria-hidden="true">
  <label for="web2">இதைக் காலியாக விடுங்கள்</label>
  <input id="web2" name="web2" tabindex="-1" autocomplete="off">
</div>
```

`aria-hidden` திரைவாசிப்பானிடமிருந்து மறைக்கிறது, `tabindex="-1"` டேப் விசையின் பாதையிலிருந்து விலக்குகிறது, `autocomplete="off"` உலாவி தானாக நிரப்பிவிடாமல் இருக்க. எல்லாவற்றையும் மீறி யாராவது அதை அடைந்தால் என்ன செய்வது என்று லேபிள் சொல்கிறது.

புதிரே காட்டாமல் பயனரின் நடத்தையையோ உலாவியையோ பார்த்து மதிப்பிடும் சேவைகளும் உண்டு. கூகுளின் ரீகேப்ட்சா மூன்றாம் பதிப்பும், கிளவுட்ஃபிளேரின் டர்ன்ஸ்டைலும் பெரும்பாலும் பயனரை எதுவும் கேட்பதில்லை. புதிரைவிட இவை மேல். ஆனாலும் மவுஸே அசையாமல் விசைப்பலகையில் மட்டும் இயங்குபவரை இயந்திரம் சந்தேகிக்க வாய்ப்பிருக்கிறது. ஆகவே சந்தேகம் வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு அனுப்பி உறுதிசெய்யும் வழியைத் திறந்து வையுங்கள், அல்லது விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு ஒரு அலுவலர் பார்க்கும் வரிசைக்கு அனுப்புங்கள்.

உள்நுழைவுப் பக்கத்துக்குத் தனி விதி இருக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற சர்வதேச அணுகல் நெறிகளில் 3.3.8 என்ற பிரிவு, உள்நுழைவதற்காக ஒருவரை நினைவில் வைக்கவோ, புதிரை விடுவிக்கவோ, எழுத்துகளைப் பார்த்துத் தட்டவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. வேறு வழியோ, உதவும் ஏற்பாடோ இருக்க வேண்டும். கடவுச்சொல் கட்டத்தில் ஒட்டுவதைத் தடுத்து வைக்கும் தளங்கள் இந்த விதியில்தான் அடிபடுகின்றன. கடவுச்சொல் மேலாளர் நிரப்பித்தர முடியாதபடி செய்தால், 14 எழுத்துகளை மனதில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டு என்று சொல்வதாகத்தானே ஆகிறது? பொருள்களை அடையாளம் காணும் படப் புதிருக்கு இந்தப் பிரிவு விலக்குத் தருகிறது. அதைக் காட்டித் தப்பிக்க நினைக்காதீர்கள். அதே நெறிகளின் 1.1.1-ஆம் பிரிவு அத்தகைய புதிருக்கும் வேறு புலன்வழி வடிவங்கள் வேண்டும் என்கிறது.

60 வினாடியில் என்ன நடக்கிறது?

கேப்ட்சாவை யாரோ ஒருவர் உதவியோடு மாணவி தாண்டிவிட்டார். ஓடிபி பக்கம் திறக்கிறது. 60, 59, 58 என்று எண்கள் இறங்குகின்றன. அக்கறையோடு யாரோ அந்த எண்ணைத் திரைவாசிப்பானுக்கும் அறிவிக்கும்படி `aria-live` போட்டிருக்கிறார். விளைவு, ஒவ்வொரு வினாடியும் குரல் எண்ணைச் சொல்லி, மற்ற எதையும் கேட்கவிடாமல் செய்கிறது. அவர் கைபேசியை எடுத்துத் திறக்கிறார். டாக்பேக் அறிவிப்பைப் படிக்கிறது: முதலில் அனுப்பியவர் பெயர், பிறகு “அன்பார்ந்த விண்ணப்பதாரரே” என்று தொடங்கும் நீண்ட வாக்கியம், கடைசியில் எண். அதுவும் ஆறு இலக்கங்களைச் சேர்த்து ‘நான்கு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து…’ என்று முழு எண்ணாகப் படித்தால், அவர் உள்ளே போய் ஒவ்வோர் இலக்கமாக நகர்த்திக் கேட்க வேண்டும். கணினிக்குத் திரும்பினால் ஆறு தனித்தனிக் கட்டங்கள். ஒரு இலக்கம் தட்டியதும் கர்சர் தானே அடுத்ததற்குத் தாவுகிறது. என்ன தட்டினோம் என்று திரைவாசிப்பான் சொல்லத் தொடங்கும்போதே அடுத்த கட்டத்தின் அறிவிப்பு அதை வெட்டிவிடுகிறது. நடுவில் ஒன்று தவறினால் திருத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

காலத்தைக் குறைத்தால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கையிலிருந்துதான் இவ்வளவும் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு இலக்க ஓடிபிக்கு 10 லட்சம் சாத்தியங்கள். ஒரு ஓடிபிக்கு ஐந்து தவறான முயற்சிகள் மட்டும் அனுமதித்து, அதன்பின் அதைச் செல்லாததாக்கினால், குருட்டாம்போக்கில் ஊகிப்பவர் வெல்லும் வாய்ப்பு 2 லட்சத்தில் ஒன்று. 60 வினாடி கொடுத்தாலும் பத்து நிமிடம் கொடுத்தாலும் இது மாறாது. காப்பது முயற்சி வரம்புதான். அமெரிக்காவின் தேசிய தர நிறுவனமான நிஸ்ட், இத்தகைய குறியீடு அதிகபட்சம் பத்து நிமிடம் செல்லுபடியாகலாம் என்றே தன் அடையாள வழிகாட்டு நெறிகளில் வகுத்திருக்கிறது. ஏமாற்றி ஓடிபியைக் கேட்டு வாங்கும் மோசடிக்காரரையும் 60 வினாடி தடுப்பதில்லை. அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே உடனுக்குடன் தட்டிவிடுகிறார்.

ஆகவே நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள், முயற்சிகளுக்கு வரம்பு வையுங்கள், ஆறு கட்டங்களை ஒன்றாக்குங்கள்:

```html
<label for="otp">கைபேசிக்கு வந்த 6 இலக்க எண்</label>
<input id="otp" name="otp" type="text"
       inputmode="numeric" autocomplete="one-time-code">
```

`autocomplete="one-time-code"` இருந்தால் பல கைபேசிகள் குறுஞ்செய்தியில் வந்த எண்ணைத் தாமே பரிந்துரைக்கும். படிவத்தைக் கைபேசியிலேயே நிரப்புபவருக்கு ஒரே தட்டில் வேலை முடியும். இதில் வேண்டுமென்றே `maxlength` போடவில்லை. “482 913” என்று இடைவெளியோடு ஒட்டினால் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டுப் போகும். இடைவெளியைச் சர்வரில் நீக்கிக்கொள்ளலாம். குறுஞ்செய்தியில் எண்ணை முதலில் வையுங்கள், மற்ற வாசகம் பின்னால் வரட்டும். நேரக் கணக்கைத் திரையில் காட்ட விரும்பினால் காட்டுங்கள், ஆனால் குரலில் அறிவிப்பது இரண்டே முறை இருக்கட்டும்: எண் அனுப்பப்பட்டபோது ஒன்று, முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஒன்று. குறுஞ்செய்தி வராதவருக்கு மின்னஞ்சல் அல்லது குரல் அழைப்பு என்ற தேர்வும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெளியேற்றும் கடிகாரம்

கடைசித் தடை இந்த மாணவிக்குத் தெரியாமலே வருகிறது. பெரும்பாலான தளங்களில் ‘அசைவில்லாத ஐந்து நிமிடம்’ என்பதைச் சர்வர்தான் கணக்கிடுகிறது. சர்வருக்கு அசைவு என்றால் உலாவியிலிருந்து ஒரு கோரிக்கை வருவது. ஒரே பக்கத்தில் 12 கட்டங்களை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நிரப்பும் 20 நிமிடமும் ஒரு கோரிக்கைகூடப் போகாது. அவர் இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்க, சர்வர் அவர் எழுந்து போய்விட்டதாக முடிவு கட்டுகிறது. ஓடிபிக்குப் பின் இறுதியாகச் சமர்ப்பிக்கும்போதுதான் அதைச் சரிபார்க்கிறது. உடனே உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கிறது, நிரப்பியதெல்லாம் காலி. எச்சரிக்கைப் பெட்டி வந்திருந்தாலும் அது கண்ணுக்கு மட்டும் வந்தது. கர்சரை அதற்குள் கொண்டுபோகாததால் திரைவாசிப்பான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிகளின் 2.2.1-ஆம் பிரிவில் இதற்கு விடை இருக்கிறது. காலக்கெடுவை நிறுத்தவோ குறைந்தது பத்து மடங்கு வரை மாற்றவோ முன்கூட்டியே வழி தரலாம். அது இயலாவிட்டால், முடிவதற்கு முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடி அவகாசம் கொடுத்து, ஒரு விசையை அழுத்துவது போன்ற எளிய செயலால் குறைந்தது பத்து முறை நீட்டிக்க விட வேண்டும். 20 வினாடி என்பது அடிமட்ட வரம்பு, ஸ்விட்ச் கொண்டு இயங்குபவருக்கு அது போதாது. இரண்டு நிமிடமாவது கொடுங்கள். எச்சரிக்கைப் பெட்டிக்கு `role="alertdialog"` இட்டு, கர்சரை “தொடர்கிறேன்” என்ற பொத்தானில் வையுங்கள். பயனர் தட்டிக்கொண்டிருக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வருக்கு ஒரு சிறு கோரிக்கை அனுப்பி, அதிலேயே வரைவையும் சேமித்துவிடுங்கள்.

இ-சேவை மையம் போன்ற பொதுக் கணினிகளில் ஒருவர் வெளியேற மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். சரியான கேள்வி. வெளியேற்றுங்கள், ஆனால் அவர் எழுதியதை அழிக்காதீர்கள். வரைவு உலாவியில் தங்காமல், சர்வரில் அவருடைய கணக்கின் கீழ் இருக்கட்டும். மறுபடி உள்நுழைந்ததும் விட்ட கட்டத்திலேயே தொடரட்டும். அடுத்து உட்காருபவர் எதையும் பார்க்க முடியாது.

எந்தப் படியில் தவறு நேர்ந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிழையை மேலே ஒரு சுருக்கமாக வைத்து, கர்சரை அங்கே கொண்டுபோய், அங்கிருந்து தவறான கட்டத்துக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். “தவறான உள்ளீடு” என்று எழுதாமல் “வங்கிக் கணக்கு எண்ணில் எழுத்து கலந்திருக்கிறது” என்று எழுதுங்கள்.

சட்டம், சோதனை, ஒப்பந்தம்

இந்தியாவில் இந்தத் தடைகளை நீக்குவது இனி விருப்பப்பட்டால் செய்யும் காரியம் இல்லை. அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசுன் உள்ளிட்டோரும், பார்வைக் குறைபாடுள்ள வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள். கண்ணும் முகமும் சிதைக்கப்பட்டவர் எப்படிச் சிமிட்டுவார்? டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறிய நீதிமன்றம், மாற்று வழிகள் உட்பட 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தர அளவும் ஏற்கெனவே இருக்கின்றன.

சோதிக்கும் முறை எளிது. என்.வி.டி.ஏ.-வை நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸை எடுத்து வைத்துவிட்டு, உங்கள் படிவத்தை முதல் கட்டத்திலிருந்து ஒப்புகைச் சீட்டு வரை நிரப்பிப் பாருங்கள். குரல் பெயர் சொல்லாத இடம், கர்சர் தொலைந்துபோன இடம், நேரம் தீர்ந்த இடம் ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். பிறகு, நாள்தோறும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரையும், கையசைவு குறைந்த ஒருவரையும் உரிய ஊதியம் கொடுத்து அழைத்து, அவர்கள் நிரப்புவதைக் குறுக்கிடாமல் கவனியுங்கள். தானியங்கிச் சோதனைக் கருவிகள் லேபிள் இல்லாததைக் கண்டுபிடிக்கும், 60 வினாடி போதாது என்பதைக் கண்டுபிடிக்காது.

தளத்தை வெளியாரிடம் செய்துவாங்குகிற அலுவலர் நீங்கள் என்றால், டெண்டரிலேயே இந்த வாசகத்தைச் சேர்த்துவிடுங்கள்: “கேப்ட்சா போன்ற புதிர் எதுவும் பயன்படுத்தக் கூடாது. ஓடிபி பத்து நிமிடம் செல்லுபடியாக வேண்டும். வெளியேறினாலும் வரைவு அழியக் கூடாது. திரைவாசிப்பானிலும் விசைப்பலகையிலும் மட்டும் படிவத்தை முடித்துக் காட்டிய பிறகே இறுதித் தவணை வழங்கப்படும்.” கடைசி வாக்கியத்தை மட்டும் எந்தப் பேச்சுவார்த்தையிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.